4.0016: போர் அணு மாதிரியும் ஹீலியமும்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல் படித்தவர்களுக்கு நீல்ஸ் போரின் எடுகோள்கள் மனப்பாடமாக இருக்கும். எலக்ட்ரான் குறிப்பிட்ட சில வட்டப்பாதைகளில் மட்டுமே சுற்றும். அவற்றில் சுற்றும்போது ஒளியை உமிழாது. ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது மட்டும், இரு பாதைகளின் ஆற்றல் வேறுபாட்டுக்கு ஈடான ஒளியை வெளியிடும் அல்லது உட்கவரும். இவற்றை எழுதி, ஆரத்தையும் ஆற்றலையும் வருவித்து, பாமர் வரிசையின் அலைநீளங்கள் சரியாகக் கிடைத்ததும் பாடம் முடிந்துவிடும். 1913இல் இதை வாசித்த இயற்பியலாளர்கள் ஏன் நம்பினார்கள் என்ற கேள்வியை அந்தப் பாடம் தொடுவதில்லை. ஏற்கெனவே தெரிந்திருந்த ஒரு சூத்திரத்தை மீண்டும் வருவித்துக் காட்டுவது வலுவான சான்று ஆகாது. விடையை அறிந்தவர் அதற்கேற்ற எடுகோளை அமைத்துக்கொள்ள முடியும். நம்பிக்கையை உண்டாக்கியது ஹைட்ரஜனைவிட ஹீலியம்தான். அதுவும் ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம். அதே ஹீலியம் தன் இரண்டு எலக்ட்ரான்களோடும் முழுதாக இருக்கும்போது இந்த மாதிரி தோற்றுப்போனது. இக்கட்டுரையில் அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் போரின் கைவசம் இருந்தவை என்னவென்று பார்ப்போம். 1885இல் பாசல் நகரத்துப் பள்ளி ஆசிரியரான யோகான் பாமர், ஹைட்ரஜனின் கண்ணுக்குத் தெரியும் நான்கு வரிகளை ஒரே சூத்திரத்தில் அடக்கினார். சிவப்பில் 656.3, நீலப்பச்சையில் 486.1, ஊதாவில் 434.0, 410.2 நானோமீட்டர் என்பவை அந்த வரிகளின் அலைநீளங்கள். பின்னர் ரிட்பெர்க் எழுதிய வடிவத்தில் அச்சூத்திரம் இது:

1/λ = R (1/2² − 1/n²),  n = 3, 4, 5, …

எண்கள் பிசகின்றிப் பொருந்தின. ஏன் பொருந்துகின்றன என்பது எவருக்கும் தெரியவில்லை. 1911இல் ரூதர்போர்டு அணுவின் நடுவே ஒரு சிறிய, கனமான, நேர்மின் உட்கரு இருப்பதைக் காட்டியபோது சிக்கல் இன்னும் கூடியது. சுற்றும் எலக்ட்ரான் முடுக்கத்தில் இருக்கிறது. முடுக்கமுறும் மின்னூட்டம் ஆற்றலைக் கதிர்வீசி இழக்க வேண்டும் என்பது மாக்ஸ்வெல்லின் மின்காந்தவியல். அப்படியானால் அணு கணப்பொழுதில் குலைந்து எலக்ட்ரான் உட்கருவில் விழுந்துவிட வேண்டும். மான்செஸ்டரில் ரூதர்போர்டின் ஆய்வகத்தில் 1912இல் பணிபுரிந்த போர், இந்தச் சிக்கலைத் தீர்க்க முயலவில்லை; அணுவுக்குள் அந்த விதி செல்லாது என்று அறிவித்துவிட்டு, அதன் இடத்தில் பிளாங்க் மாறிலியைக் கொண்டுவந்தார். 1913 ஜூலையில் வெளிவந்த அவருடைய கட்டுரையின் துணிச்சல் இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வருவித்தல் முழுவதும் பள்ளிக் கணக்குதான்.

அக்கணக்கின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். கோண உந்தம் h/2π என்னும் அளவின் முழு எண் மடங்காக மட்டுமே இருக்கலாம் என்று வைத்து, உட்கருவின் ஈர்ப்பை வட்ட இயக்கத்துக்குத் தேவையான விசையோடு சமன்படுத்தினால், மிகச்சிறிய பாதையின் ஆரம் 0.0529 நானோமீட்டர் என்றும், n ஆவது பாதையின் ஆரம் அதன் n² மடங்கு என்றும், ஆற்றல் −13.6/n² எலக்ட்ரான் வோல்ட் என்றும் கிடைக்கின்றன. ஆக ஆற்றல் மட்டங்கள் −13.6, −3.4, −1.51, −0.85 என மேலே போகப்போக நெருங்கி, பூச்சியத்தில் முடிகின்றன. அதற்கு மேல் எலக்ட்ரான் அணுவுக்குச் சொந்தமில்லை. மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்கு இறங்கும்போது கிடைப்பது 1.89 எலக்ட்ரான் வோல்ட். அதற்குரிய அலைநீளம் 656 நானோமீட்டர், அதாவது பாமரின் சிவப்பு வரி. இரண்டில் இறங்குபவை பாமர் வரிசை, ஒன்றில் இறங்குபவை புறஊதாவில் உள்ள லைமன் வரிசை, மூன்றில் இறங்குபவை அகச்சிவப்பில் உள்ள பாஷன் வரிசை. நான்கிலும் ஐந்திலும் இறங்கும் பிராக்கெட், ஃபண்ட் வரிசைகள் 1920களில்தான் ஆய்வகத்தில் கிடைத்தன. அவை இருக்க வேண்டிய இடம் முன்பே தெரிந்திருந்ததால் எவருக்கும் வியப்பில்லை.

மேலே R என்று குறித்த ரிட்பெர்க் மாறிலி இதுவரை அளந்தறிந்த எண்ணாக மட்டுமே இருந்தது. இப்போது அது எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், பிளாங்க் மாறிலி ஆகியவற்றால் ஆன ஒரு கோவையாயிற்று. அன்று கிடைத்த மதிப்புகளை இட்டு, அதற்குரிய அதிர்வெண்ணாகப் போர் பெற்றது நொடிக்கு 3.1×10¹⁵, நிறமாலையிலிருந்து தெரிந்த மதிப்பு 3.29×10¹⁵. ஆறு விழுக்காடு வேறுபாடு, அன்றைய மாறிலிகளின் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கியது. இது நல்ல முடிவுதான். ஆனால் எதிர்ப்பாளர் ஒருவரை வாயடைக்கச் செய்ய ஆறு விழுக்காடு போதாது.

அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத இன்னோர் இடம் உண்டு. வெற்றிடக் குழாய்களில் பாமர் வரிசையின் வரிகள் பன்னிரண்டுக்கு மேல் தெரிவதில்லை. விண்மீன் நிறமாலைகளிலோ முப்பத்துமூன்று வரிகள் வரை கண்டிருந்தார்கள். போரின் விளக்கம் எளிமையானது. ஆரம் n² ஆகப் பெருகுவதால், n = 12 ஆன அணுவின் விட்டம் ஏறத்தாழ 15 நானோமீட்டர்; n = 33 ஆனால் அது 115 நானோமீட்டரைத் தொடும். இவ்வளவு பருத்த அணு உருவாக வேண்டுமானால் அண்டை அணுக்கள் அதைவிடத் தொலைவில் இருக்க வேண்டும், அதாவது வாயுவின் அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். ஆய்வகக் குழாயில் அந்த அழுத்தத்துக்கு இறங்கினால் ஒளி தருவதற்குப் போதிய அணுக்கள் இருக்காது. விண்மீனின் வாயுப் பரப்போ மிக விரிந்தது. பாமர் சூத்திரம் இதைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. ஆரத்தைத் தரும் ஒரு மாதிரியால்தான் சொல்ல முடியும்.

இனி ஹீலியத்துக்கு வருவோம். 1896இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் எட்வர்டு பிக்கரிங், ஸீட்டா பப்பிஸ் என்னும் விண்மீனின் நிறமாலையில் ஒரு புதிய வரிசையைக் கண்டார். பாமர் வரிகளுக்கு இடையிடையே, அதே ஒழுங்கில் நெருங்கிச் செல்லும் வரிகள் அவை, 454.2, 420.0 நானோமீட்டர் போன்றவை. பாமர் சூத்திரத்தில் n என்ற இடத்தில் 3.5, 4.5, 5.5 என அரை எண்களை இட்டால் அவை கிட்டத்தட்டப் பொருந்தின. ஆகவே இவை ஏதோ ஒரு தனிச் சூழலில் இருக்கும் ஹைட்ரஜனின் வரிகள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். 1912இல் லண்டனில் ஆல்ஃபிரட் ஃபௌலர், ஹைட்ரஜனும் ஹீலியமும் கலந்த குழாயில் வலுவான மின்னிறக்கம் செலுத்தி, இவ்வரிகளையும் இவற்றோடு உறவுடைய 468.6 நானோமீட்டர் வரியையும் பூமியிலேயே பெற்றார். அவரும் அவற்றை ஹைட்ரஜனுக்கே உரியவையாகக் கொண்டார்.

இது போரின் மாதிரிக்கு நேரடியான ஆபத்து. கோண உந்தம் முழு எண் மடங்காக மட்டுமே இருக்க முடியும் என்பதுதான் அதன் அடித்தளம். ஹைட்ரஜன் அரை எண்களுக்கும் வரி தருமானால் மாதிரி பொய். போர் சொன்ன மறுமொழி, இவை ஹைட்ரஜனின் வரிகளே அல்ல என்பது. ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியத்தில் எஞ்சியிருப்பது, இரட்டை மின்னூட்டம் கொண்ட உட்கருவைச் சுற்றும் ஒற்றை எலக்ட்ரான். ஆற்றல் உட்கரு மின்னூட்டத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதால் R என்பதன் இடத்தில் 4R வரும்:

1/λ = 4R (1/4² − 1/n²) = R (1/2² − 1/(n/2)²)

வலப்பக்கத்தைப் பாருங்கள். n = 7 என்றால் n/2 = 3.5; n = 9 என்றால் 4.5. பிக்கரிங்கின் அரை எண்கள் எல்லாம் முழு எண்களாகிவிட்டன. n = 6, 8, 10 ஆகியவை தரும் வரிகள் ஏறத்தாழப் பாமர் வரிகளின் மேலேயே விழுவதால் அவற்றை எவரும் தனியாகக் கவனிக்கவில்லை; ஒற்றைப்படை எண்களின் வரிகள் மட்டும் இடையில் தனித்துத் தெரிந்தன. 468.6 வரி நான்காம் மட்டத்திலிருந்து மூன்றாம் மட்டத்துக்கான தாவல். இதைச் சோதிப்பது எளிது: ஹைட்ரஜன் கலவாத ஹீலியத்தில் இவ்வரிகள் வருகின்றனவா என்று பார்த்தால் போதும். மான்செஸ்டரில் எவன்ஸ் அதைச் செய்தார். அவருடைய ஹீலியக் குழாயில் ஹைட்ரஜனின் சாதாரண வரிகள் தென்படவில்லை, 468.6 மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

ஃபௌலர் எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்லர். நிறமாலை அளவீட்டில் தேர்ந்த கை. 1913 செப்டம்பரில் அவர் எழுப்பிய மறுப்பு, இந்த முழு வரலாற்றிலும் மிகக் கூர்மையானது என்று நினைக்கிறேன். தாம் அளந்த அலைநீளங்களுக்குப் பொருந்த வேண்டுமானால் R என்பதை 4 ஆல் பெருக்கினால் போதாது, 4.0016 ஆல் பெருக்க வேண்டும் என்றார். பத்தாயிரத்தில் நான்கு பங்கு வித்தியாசம்தான். ஆனால் நிறமாலை அளவீடுகள் அதைவிடப் பன்மடங்கு நுட்பமானவை, 454.2 நானோமீட்டரில் அது ஏறத்தாழ 0.18 நானோமீட்டர் பிசகாகும். கருவியின் பிழை என்று அதைத் தள்ளிவிட முடியாது.

போரின் பதில் அக்டோபரில் வந்தது. கணக்கை எளிமையாக்குவதற்காக உட்கரு அசையாமல் நிற்பதாக முதலில் வைத்திருந்தார். உண்மையில் உட்கருவும் எலக்ட்ரானும் தங்கள் பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன; உட்கரு எவ்வளவு கனமோ அவ்வளவு குறைவாக அசையும். இதைக் கணக்கில் சேர்த்தால் R என்பது எல்லா அணுவுக்கும் ஒரே மதிப்புடையதாக இராது. அதை (1 + m/M) என்பதால் வகுக்க வேண்டும். இங்கே m எலக்ட்ரானின் நிறை, M உட்கருவின் நிறை. ஹைட்ரஜன் உட்கரு எலக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 1836 மடங்கு கனமானது. ஹீலியம் உட்கரு 7294 மடங்கு. எனவே பெருக்க வேண்டிய எண்:

4 × (1 + 1/1836) / (1 + 1/7294) = 4 × 1.000545 / 1.000137 = 4.00163

ஃபௌலர் கேட்டது 4.0016. கையில் இருந்த எந்த மாறிலியையும் இழுத்து வளைக்காமல், எலக்ட்ரானின் நிறையையும் இரு உட்கருக்களின் நிறையையும் மட்டும் கொண்டு இந்த எண் வந்துவிட்டது. மேலே சொன்ன ஆறு விழுக்காட்டுக் குழப்பம் இதைத் தொடவே இல்லை. விகிதம் எடுக்கும்போது எலக்ட்ரானின் மின்னூட்டம், பிளாங்க் மாறிலி எல்லாம் அடிபட்டுப் போய்விடுகின்றன. மாதிரியை மறுக்க வந்த எண்ணே அதை நிறுவிய எண் ஆயிற்று. ஃபௌலரும் பின்னர் ஏற்றுக்கொண்டார். 1913இன் வாசகரிடம் இந்த மாதிரியை நம்ப வைக்க ஒரே ஒரு பக்கம் தந்தால், நான் கொடுப்பது இந்தக் கணக்கைத்தான். நம் பாடநூல்கள் இதை விட்டுவிட்டு வரிசைகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்பது எனக்கு எப்போதும் உறுத்தல்.

இதே திருத்தம் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு வேலையும் செய்தது. உட்கருவின் நிறை இருமடங்கான ஹைட்ரஜன் ஒன்று இருந்தால், அதன் சிவப்பு வரி சாதாரண ஹைட்ரஜனின் வரியிலிருந்து 0.18 நானோமீட்டர் தள்ளி விழ வேண்டும். 1931இல் ஹரால்டு யூரேயும் அவருடைய கூட்டாளிகளும், திரவ ஹைட்ரஜனை ஆவியாக்கி எஞ்சிய பங்கில், கணக்கிட்ட இடங்களிலேயே மங்கலான துணை வரிகளைக் கண்டு டியூட்டிரியத்தை அறிவித்தார்கள்.

இனி மறுபக்கம். ஹீலியம் அயனிக்கு ஐந்து இலக்கத் துல்லியத்தில் விடை தந்த மாதிரியிடம், அந்த அயனியோடு இன்னொரு எலக்ட்ரானைச் சேர்த்துக் கேட்டுப் பார்ப்போம். போர் 1913இலேயே முன்வைத்த படம் இயல்பானது: இரு எலக்ட்ரான்களும் ஒரே வட்டத்தில் எதிரெதிர் முனைகளில் நின்று சுற்றுகின்றன, ஒவ்வொன்றின் கோண உந்தமும் h/2π. ஓர் எலக்ட்ரானை உட்கரு 2 என்னும் மின்னூட்டத்தோடு இழுக்கிறது. எதிர்முனை எலக்ட்ரான் விட்டத்தின் தொலைவில், அதாவது ஆரத்தைப்போல் இருமடங்குத் தொலைவில் இருப்பதால், அதன் விலக்கம் கால் பங்கு. ஆகவே பயனுறு மின்னூட்டம் 2 − 0.25 = 1.75. ஒவ்வோர் எலக்ட்ரானுக்கும் −13.6 × 1.75², இரண்டுக்கும் சேர்த்து −83.3 எலக்ட்ரான் வோல்ட். ஓர் எலக்ட்ரானை நீக்கியபின் எஞ்சும் அயனியின் ஆற்றல் −13.6 × 4 = −54.4. இரண்டின் வேறுபாடு, அதாவது முதல் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான ஆற்றல், 28.9 எலக்ட்ரான் வோல்ட்.

சோதனை தரும் மதிப்பு 24.6.

பதினேழு விழுக்காடு பிழை. அயனியில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு பிசகியதையே பெருங்குற்றமாகப் பேசிய நிலையில், இது எந்தத் திருத்தத்தாலும் மூடிவிடக்கூடிய இடைவெளி அல்ல. மூடிப் பார்க்க முயலாமலும் இல்லை. இரு பாதைகளையும் ஒன்றுக்கொன்று சாய்த்து வைத்து, இடையீடுகளையெல்லாம் கவனமாகச் சேர்த்துக் கிராமர்ஸ் 1923இல் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை இம்முறை ஏறத்தாழ 4 எலக்ட்ரான் வோல்ட் குறைந்துபோனது. கணக்கில் தவறு இருந்தால் ஒரு முறை கூடுவதும் ஒரு முறை குறைவதும் நேரலாம். ஆனால் விதிகளுக்குள் நின்று திறமையாகச் செய்த கணக்கே பிழையான விடையைத் தந்தபோது, பழுது விதிகளில்தான் என்பது வெளிச்சமாயிற்று. ஹீலியத்தின் நிறமாலையும் தன் பங்குக்கு ஒரு புதிரை வைத்திருந்தது: அதன் வரிகள், ஒன்றோடொன்று கலவாத இரண்டு தனித்தனிக் குடும்பங்களாக இருந்தன. எலக்ட்ரானின் தற்சுழற்சியும், இரு எலக்ட்ரான்களைப் பிரித்தறிய முடியாது என்ற கருத்தும் இல்லாமல் அதை விளக்க வழியே இல்லை. புதிய குவாண்டம் இயக்கவியல் வந்தபின், 1929இல் நார்வேயின் ஹில்லெராஸ் அதைக் கொண்டு சோதனை மதிப்போடு ஒத்துப்போகும் அயனியாக்க ஆற்றலைப் பெற்றார்.

அப்படியானால் ஓர் எலக்ட்ரான் மட்டும் இருந்தால் போர் மாதிரி சரிதானே என்று கேட்கலாம். ஆற்றல் மட்டங்கள் சரி, மற்றவை சரியில்லை. ஒரு வரி எவ்வளவு பிரகாசமாக இருக்கும் என்ற கேள்விக்கு மாதிரியிடம் பதில் கிடையாது. தாவல் எப்போது நிகழும், எந்தத் தாவல் அடிக்கடி நிகழும் என்பதற்கு அதில் விதியே எழுதப்படவில்லை. பிற்காலத்தில் போர் தாமே வேறொரு கொள்கையைக் கொண்டு அதைத் தோராயமாக மதிப்பிட வேண்டியிருந்தது.

இதைவிடச் சிக்கலானது, வரிகளை மிக உன்னிப்பாகப் பார்க்கும்போது தெரிவது. சிவப்பு வரி உண்மையில் ஒற்றை வரி அல்ல, மிக நெருக்கமான இரண்டு வரிகள் என்பதை மைக்கல்சனும் மோர்லியும் 1887இலேயே கண்டிருந்தார்கள். அவற்றுக்கிடையே ஏறத்தாழ 0.015 நானோமீட்டர்தான். வட்டப்பாதைகளின் ஆற்றல் n என்ற ஒரே எண்ணைப் பொறுத்தது என்பதால் போரின் மாதிரியில் இரட்டை வரிக்கு இடமில்லை. 1916இல் சொம்மர்ஃபெல்ட் நீள்வட்டப் பாதைகளையும் சேர்த்து, உட்கருவை நெருங்கும்போது எலக்ட்ரானின் வேகம் கூடுவதால் வரும் சார்பியல் விளைவைக் கணக்கிட்டார். விடை அருமையாகப் பொருந்தியது. பாஷன் அதே ஆண்டு அதைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்தது வேறெதையும் அல்ல, ஹீலியம் அயனியின் 468.6 வரியைத்தான், பிளவு அங்கே ஹைட்ரஜனைவிடப் பெரிது, எனவே அளப்பது எளிது.

இங்கேதான் எண் பொருந்துவதை நம்புவதில் உள்ள அபாயம் தெரிகிறது. சொம்மர்ஃபெல்டின் மட்டங்களும், 1928இல் டிராக்கின் சமன்பாடு தந்த மட்டங்களும் ஒரே சூத்திரத்தில் அமைந்தவை. ஆனால் டிராக்கின் கணக்கில் அந்தப் பிளவின் பெரும்பங்கு எலக்ட்ரானின் தற்சுழற்சியோடு பிணைந்தது. சொம்மர்ஃபெல்டுக்குத் தற்சுழற்சி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அவர் விட்டுவிட்டதும் அவர் தவறாகக் கொண்டதும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டதால் விடை சரியாக அமைந்தது. 4.00163 பொருந்தியபோது காரணமும் சரியாக இருந்தது; இங்கே விடை மட்டும் சரி. வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்கு 1916இல் இந்த இரண்டையும் வேறுபடுத்த வழி இருந்திருக்காது.

தவறாகக் கொண்டது என்னவென்பதை அடிமட்ட நிலையில் தெளிவாகக் காணலாம். போரின்படி n = 1 பாதையில் எலக்ட்ரானின் கோண உந்தம் h/2π. உண்மையில், 1926இல் ஷ்ரோடிங்கர் சமன்பாடு காட்டியபடி, அந்நிலையில் சுற்றியக்கக் கோண உந்தம் பூச்சியம். போரின் அணு ஒரு தட்டையான வளையம். உண்மையான அடிமட்ட ஹைட்ரஜன் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான கோளம், எலக்ட்ரான் உட்கருவின் இடத்திலேயே காணப்படுவதற்கும் வாய்ப்பு உண்டு. கோண உந்தம் பூச்சியமான பாதையைச் சொம்மர்ஃபெல்ட் வேண்டுமென்றே விலக்கியிருந்தார். அதில் போகும் எலக்ட்ரான் நேராக உட்கருவில் மோதிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். விலக்கப்பட்ட அந்த நிலைதான் ஹைட்ரஜன் பெரும்பாலான நேரமும் இருக்கும் நிலையாக அமைந்தது. 0.0529 நானோமீட்டர் என்ற எண் மட்டும் பிழைத்துக்கொண்டது. இன்று அது பாதையின் ஆரம் அல்ல, எலக்ட்ரான் காணப்பட மிக அதிக வாய்ப்புள்ள தொலைவு.

டிராக்கின் சமன்பாட்டுக்கும் ஹைட்ரஜன் ஒரு கணக்கை மிச்சம் வைத்திருந்தது. அச்சமன்பாட்டின்படி இரண்டாம் மட்டத்தின் இரு துணைநிலைகள் முற்றிலும் ஒரே ஆற்றல் கொண்டவை. 1947இல் லாம்பும் ரெதர்ஃபோர்டும் நுண்ணலைகளைக் கொண்டு அளந்தபோது அவற்றிடையே ஏறத்தாழ 1000 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி இருப்பது தெரிந்தது. n = 2 என்று போர் ஒரே கோடாக வரைந்த மட்டம் அதன்பின் மூன்று தனித்தனி நிலைகளாக நிற்கிறது.